உடம்பில் எத்தனை லிட்டர் தண்ணீர்?

உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் எடை இயந்திரத்தில் ஏறி நின்றால், எடையோடு சேர்த்து கொழுப்பு எத்தனை கிலோ, தசை எத்தனை கிலோ என்று அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. அந்த இயந்திரம் கொழுப்பையும் பார்ப்பதில்லை, தசையையும் பார்ப்பதில்லை. பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணிக்கிறது. மற்ற எண்கள் எல்லாம் அந்தத் தண்ணீர்க் கணக்கிலிருந்து வகுத்தும் கழித்தும் வருபவை. அதே தண்ணீர்க் கணக்கை இயந்திரம் இல்லாமலும் போடலாம். வயது, உயரம், எடை மூன்றும் தெரிந்தால் போதும்.

கொழுப்பு தண்ணீரோடு சேராது என்பதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. உடம்பின் தண்ணீர் ஏறக்குறைய முழுவதும் தசை, இரத்தம், ஈரல், மூளை, தோல் போன்ற கொழுப்பல்லாத பகுதிகளில்தான் இருக்கிறது. 1945இல் நெல்லோ பேஸ், எடித் ராத்பன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், கினிப்பன்றி முதலிய விலங்குகளின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு விலங்கு கொழுத்திருந்தாலும் மெலிந்திருந்தாலும், கொழுப்பை நீக்கிவிட்டு மீதி எடையைப் பார்த்தால் அதில் சுமார் 73 சதவீதம் தண்ணீராகவே இருந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே உடம்பில் உள்ள தண்ணீரை 0.73ஆல் வகுத்தால் கொழுப்பற்ற எடை கிடைக்கும். அதை மொத்த எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு.

உயிரோடு இருக்கும் மனிதனின் தண்ணீரை எப்படி அளப்பது? ஒரு பானையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாவிட்டால், அளந்து உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? உடம்புக்கு உப்புக்குப் பதில் கனநீர். கல்பாக்கம் அணு உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கப் பயன்படும் அதே கனநீர்தான். அதில் கதிரியக்கம் கிடையாது. இந்தச் சிறிய அளவில் குடித்தால் தீங்கும் இல்லை. 30 கிராம் கனநீரைக் குடிக்கச் சொல்லி, சில மணி நேரம் கழித்து உமிழ்நீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 0.721 கிராம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 30ஐ 0.721ஆல் வகுத்தால் 41.6 லிட்டர். கனநீரின் டியூட்டீரியம் கொஞ்சம் புரதங்களுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்வதால் இந்த விடை சுமார் 4 சதவீதம் கூடுதலாக வரும். அதைச் சரிசெய்தால் 40 லிட்டர்.

நல்ல முறைதான். ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால்தான் 1980இல் வாட்சன் குழுவினர், அதுவரை இப்படி நேரடியாக அளக்கப்பட்ட எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி இரண்டு சூத்திரங்களை வகுத்தார்கள். உயரம் சென்டிமீட்டரில், எடை கிலோவில், விடை லிட்டரில்.

ஆண்: 2.447 − (0.09516 × வயது) + (0.1074 × உயரம்) + (0.3362 × எடை)

பெண்: −2.097 + (0.1069 × உயரம்) + (0.2466 × எடை)

45 வயது, 170 சென்டிமீட்டர், 70 கிலோ உள்ள ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். வயதுக்காக 4.28 கழிகிறது. உயரத்துக்கு 18.26, எடைக்கு 23.53 கூடுகிறது. தொடக்க எண்ணையும் சேர்த்தால் 40 லிட்டர். 0.73ஆல் வகுத்தால் கொழுப்பற்ற எடை சுமார் 55 கிலோ. கொழுப்பு 15 கிலோ. இதே மனிதர் எடை மாறாமல் 55 வயதை எட்டினால் சூத்திரம் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குறைத்துவிடும். எடைக் கருவி அதே 70ஐக் காட்டிக்கொண்டிருக்க, உள்ளே தசை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும் என்பதே அந்தக் குறைவின் பொருள். பெண்களின் சூத்திரத்தில் வயது இல்லை. அவர்கள் திரட்டிய விவரங்களில், வயதைச் சேர்த்ததால் பெண்களுக்கான கணிப்பு மேம்படவில்லை.

இந்தச் சூத்திரம் சொல்வது ஒரு சராசரி என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். புணே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இதே கொழுப்பு அளவுகளை 70 கிலோ எடையுள்ள இருவருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவருக்கு 46 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும், மற்றவருக்கு 40 லிட்டர்தான். வயதும் உயரமும் ஒன்றாக இருந்தால் சூத்திரம் இருவருக்கும் ஒரே விடையைத்தான் தரும். மெலிந்த கை காலும் முன்தள்ளிய வயிறுமாக இருப்பவருக்கு அது தண்ணீரையும் தசையையும் கூட்டியே சொல்லும்.

இந்தப் பிழை சிறுநீரக நோயாளிகளைப் பாதிக்கக்கூடியது. யூரியா உடம்பின் தண்ணீர் முழுவதிலும் பரவியிருப்பதால், டயாலிசிஸ் போதுமா என்று பார்க்கும் வழிகளில் ஒன்று, சுத்தமான லிட்டர்களை உடம்பின் மொத்தத் தண்ணீரால் வகுப்பது. நிமிடத்துக்கு 200 மில்லி வீதம் நான்கு மணி நேரம் என்றால் 48 லிட்டர். உடம்பில் 40 லிட்டர் இருந்தால் விடை 1.2. வாரம் மூன்று முறை செய்துகொள்பவருக்குக் குறைந்தபட்சம் வேண்டிய அளவு அதுதான். உடம்பில் உண்மையில் 46 லிட்டர் இருந்தால் அதே சிகிச்சை 1.04தான், போதாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரத்த யூரியாவை அளந்தால் குட்டு வெளிப்படும். அது குறைந்தது 65 சதவீதமாவது குறைந்திருக்கவேண்டும்.

வீக்கம் வந்துவிட்டால் கணக்கே தடம் மாறிவிடும். மேலே சொன்ன 70 கிலோ மனிதரின் உடம்பில் 4 லிட்டர் நீர் தேங்கி எடை 74 ஆகிறது என்று வையுங்கள். எடை 4 கிலோ ஏறினால் சூத்திரம் கூட்டுவது 1.3 லிட்டர்தான். தேங்கிய நீரில் பெரும்பகுதி அதற்குத் தெரியாது. அதனால்தான் டயாலிசிஸ் முடிந்து நீர் வடிந்த பிறகு எடுத்த எடையை இதில் போடுகிறார்கள். தண்ணீரை நேரடியாக அளந்தாலும் தப்பில்லை. 44 லிட்டரை 0.73ஆல் வகுத்தால் தசையும் பிறவும் ஐந்தரை கிலோ ஏறிவிட்டதாகவும், கொழுப்பு ஒன்றரை கிலோ கரைந்ததாகவும் தெரியும். காலை அழுத்தினால் குழி விழும் ஒருவருக்கு இப்படி ஒரு நற்செய்தி வருவது ஆபத்து. வீக்கத்தில் அந்த 73 சதவீதமே பொய்யாகிவிடுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த விகிதம் வேறு.

எனவே உடற்பயிற்சிக் கூடத்துத் தாளில் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ தசை ஏறியதாகக் கண்டால் நம்பவேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகப் பதிவானாலே அந்த எண் வந்துவிடும். எப்போது பார்த்தாலும் காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டு, அதே இயந்திரத்தில் பாருங்கள். சில மாதங்களின் போக்கை மட்டும் கணக்கில் எடுங்கள். காலிலோ முகத்திலோ வீக்கம் இருந்தால் அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.