சாய்தளம் இருக்கிறது, ஏற முடிகிறதா?

நூலகம் முதியோருக்கு ஏற்றதா என்று பார்க்கப் போகிறவர்கள், வாசலில் சாய்தளம் இருந்தால் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்த இடத்தில்தான் அளவு டேப்பை எடுக்க வேண்டும்.

ஒரு கிளை நூலகம். தெருவிலிருந்து மூன்று படி ஏற வேண்டும். படிக்கு 15 சென்டிமீட்டர் வீதம் 45 சென்டிமீட்டர் உயரம். சாய்தளத்துக்கு விதி, உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் பன்னிரண்டு பங்காவது வேண்டும் என்பது. 45ஐ 12ஆல் பெருக்கினால் 5.4 மீட்டர் வருகிறது. அங்கே இருப்பதோ 2 மீட்டர்தான். படியோரம் மிஞ்சிய இடத்தில் சிமெண்டைச் சரித்து விட்டிருக்கிறார்கள். பைக் ஏறும். சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றப் பலசாலி வேண்டும். இறக்கும்போது இன்னும் ஆபத்து. டேப் இல்லையென்றால் கைப்பேசியில் சாய்வு காட்டும் வசதியைத் திறந்து தரையில் வைத்துப் பாருங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் சரி. இங்கே 13 டிகிரி காட்டும்.

அளவு சரியாக இருந்தாலும் சில கேள்விகள் மிச்சமிருக்கும். மேலே ஏறியதும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் இருக்கிறதா? கதவு வெளிப்பக்கம் திறந்து அந்த இடத்தை விழுங்குகிறதா? பளபளக்கும் டைல்ஸ் பதித்திருந்தால் மழை நாளில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கீழ் முனையில் வண்டி நிறுத்தியிருப்பது எங்கும் காணும் காட்சி.

முழங்கால் வலிக்காரர்கள் சொல்வது வேறு. செங்குத்தான சரிவில் இறங்குவதைவிடக் கைப்பிடி உள்ள தாழ்வான படி அவர்களுக்கு மேல். ஆகவே படிக்கு இருபுறமும் கைப்பிடிக் கம்பி கேட்பதும் நியாயம்தான். வாடகைக் கட்டடத்தில் இயங்கும் நூலகத்தில் 5 மீட்டர் இடம் கிடைக்காது. கம்பி போட முடியும்.

உள்ளே பத்திரிகை மேசை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பெரியவர்கள் பெரும்பாலும் வருவது அதற்காகத்தான். கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்தார்கள், நல்ல முடிவு. மாடியில் மேசை இருந்தால், லிப்ட் ஓடுகிறதா என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், அதை ஊன்றித்தான் எழ முடியும். கழிப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள், திறக்கச் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று தேடினால் விடை தெரிந்துவிடும்.

நேரத்தையும் அப்படியே நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் திறந்து நடுவில் மூடும் கிளைகள் உண்டு. பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பலகையில் உள்ள நேரத்துக்குப் பூட்டு திறக்கிறதா, அதுவரை வெயிலில் நிற்காமல் உட்கார வாசலில் இடம் உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதும்போது ‘வசதி இல்லை’ என்று எழுதினால் ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வரும். ‘45 சென்டிமீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் சாய்தளம்; 5.4 வேண்டும்’ என்று எழுதிப் படமும் வையுங்கள்.