சுவிட்சைப் போடும் முன்பும் பின்பும்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகளில் இயந்திரத்தின் ஓரத்தில் ஒரு தாள் தொங்கும். பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருப்பார்கள். இடது பக்கம் வரிசையாக 'ஆயில் லெவல்', 'சக்', 'எமர்ஜென்சி சுவிட்ச்', 'சுத்தம்' என்று இருக்கும். வலது பக்கம் மாதத்தின் 31 நாட்களுக்கும் கட்டங்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஆபரேட்டர் ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட வேண்டும் என்பது ஏற்பாடு. சில பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் விழுந்திருக்கும். ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் போட்டது அது.

குற்றம் ஆபரேட்டரிடம் மட்டும் இல்லை. 'ஆயில் லெவல் – சரி' என்று எழுதிய தாள் பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. இயந்திரத்தைத் தொடாமலே அதற்கு டிக் போடலாம். நல்ல தாள் கையை இயந்திரத்தின் மேல் வைக்கச் சொல்லும். அதோடு, வேலையை இரண்டாகப் பிரித்தும் காட்டும்: மின்சாரம் இல்லாதபோது பார்க்க வேண்டியவை, மின்சாரம் வந்த பிறகுதான் தெரிய வருபவை. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாத இந்தச் சோதனைக்கு அந்தப் பிரிவுதான் முதுகெலும்பு. பெரும்பாலான தாள்களில் அது இல்லை.

மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறது. முதலில் சோதிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, ஆபரேட்டரைத்தான். சட்டைக் கை மடித்திருக்கிறதா, தொளதொளவென்று தொங்குகிறதா? கழுத்தில் துண்டு, செயின், அடையாள அட்டையின் நாடா எதுவும் இருக்கிறதா? விரலில் மோதிரம், மணிக்கட்டில் வாட்ச், கோயில் கயிறு? கயிற்றைக் கழற்றப் பலருக்கு மனம் வராது. அதை மணிக்கட்டிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் புஜத்தில் கட்டிக்கொண்டால் நம்பிக்கைக்கும் குறைவில்லை, கைக்கும் ஆபத்தில்லை. கையுறையும் கூடாது. வெளியாட்களுக்கு இது விநோதமாகப் படும். ஆனால் சுழலும் இடத்தில் கையுறை கையைக் காப்பதில்லை. தான் சிக்கி, உள்ளே இருக்கும் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ராடு நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது. லேத்தில் இது சாதாரண வேகம். ஒரு சுற்றுக்குச் சுமார் 157 மில்லிமீட்டர் துணி அதில் சுற்றிக்கொள்ளும். நொடிக்குப் பத்துச் சுற்று என்றால், நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல். 'ஐயோ, மாட்டிக்கிச்சு' என்று மூளைக்கு எட்டிக் கை அசைய கால் நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் கிட்டத்தட்ட ஒரு முழம் துணி உள்ளே போயிருக்கும். சட்டைக் கையில் அதற்கு மேல் நீளம் ஏது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2011 ஏப்ரலில் நடந்த விபத்து இதே வகை. அறிவியல் மாணவி ஒருவர் பட்டறையில் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தலைமுடி சிக்கியது, உயிர் போனது. அந்த லேத்தில் போதுமான பாதுகாப்பு அமைப்புகள் இல்லை என்று அந்நாட்டின் தொழில் பாதுகாப்புத் துறை பிறகு சுட்டிக்காட்டியது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22-ஆம் பிரிவில் உடையைப் பற்றியே பேசியது. ஓடும் இயந்திரத்தை ஆராய்வது, அதற்கு எண்ணெய் விடுவது போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், உடம்பை ஒட்டிய உடையில்தான் செய்ய வேண்டும், அந்த உடையைக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றெல்லாம் அது சொன்னது. கடைசி வரியை வசதியாக மறந்துவிட்டு, தொழிலாளி கவனமாக இல்லை என்று மட்டும் பேசுவது பட்டறை வழக்கம்.

அடுத்து சக். வேலைப்பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழலும் இரும்பு வட்டு அது. அதன் தாடைகளை இறுக்கவும் தளர்த்தவும் 'டி' வடிவச் சாவி ஒன்று உண்டு. சக் கீ என்பார்கள். லேத் விபத்துகளில் பெயர் போனது இந்தச் சாவிதான். இறுக்கிவிட்டு, அதை சக்கிலேயே விட்டுவிட்டு, இயந்திரத்தை ஓட்டினால் சாவி தெறிக்கும். யார் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பழைய மேஸ்திரிகள் புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லும் விதி: "தம்பி, சாவி சக்குல இருக்கற வரைக்கும் கை சாவியில இருக்கணும்." கையை எடுத்ததும் தானாக வெளியே தள்ளும் ஸ்பிரிங் வைத்த சாவிகள் கிடைக்கின்றன. சாவியை அதற்குரிய தாங்கியில் வைத்தால்தான் மோட்டார் ஓடும் என்ற ஏற்பாடும் சில இயந்திரங்களில் உண்டு. இரண்டும் இல்லாத இடத்தில் தாளில் இருக்க வேண்டிய கேள்வி, 'சாவி எங்கே இருக்கிறது?' என்பது. 'சக் சரி' என்பது இதற்குப் பதிலாகாது.

அதே நேரத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. நேற்று இரவு ஷிஃப்ட்காரர் தாடையை வெளியே நீட்டிவைத்துவிட்டுப் போயிருந்தால் அது டூல் போஸ்ட்டில் இடிக்கும். உள்ளே பேரிங்கில் ஏதாவது இருந்தால் கரகரப்பு கைக்குத் தெரியும். ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் ராடு நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே சுற்றுவது கண்ணில் படும். பலர் பின்பக்கம் பார்ப்பதே இல்லை. ஆதாரம் இல்லாமல் நீட்டிய மெல்லிய ராடு, வேகம் கூடியதும் சட்டென்று வளைந்து சாட்டைபோல் வீசத் தொடங்கும். அந்தப் பக்கம் நடந்து போகிறவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

பெட்டைத் துடைப்பதும் இந்தப் பாதியில்தான். இரும்புச் சுருளைக் கையால் அள்ளக் கூடாது. கொக்கியும் பிரஷ்ஷும் வேண்டும். காற்றுக் குழாயால் ஊதுவது வேகமாக முடியும், ஆனால் பொடி கேரேஜுக்கு அடியில் போய் உட்கார்ந்து பெட்டை அரிக்கும். துடைத்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பளபளக்கும் பெட், மறு வாரமே பழையபடி ஆவதைப் பார்த்தால் சரஸ்வதியே முகம் சுளிப்பாள்.

இப்போது மெயின் சுவிட்ச். போடும் முன் ஸ்பின்டில் லிவர் நடுவில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேலைப்பொருள் எதுவும் இல்லாமல், மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்த வேண்டும். நின்றதா? நின்றதோடு சோதனை முடியவில்லை. பட்டனைத் திருகி விடுவித்தால் இயந்திரம் தானாக ஓடக் கூடாது. ஸ்டார்ட் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும்.

நம் ஊருக்கு இன்னொன்று மிக அவசியம். ஓடும்போது மெயினை அணைத்து, சில நொடி கழித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். மின்வெட்டு வந்து போனதுபோல ஒரு ஒத்திகை. ஸ்டார்ட்டர் உள்ள இயந்திரத்தில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் தொடுமுனைகளை ஒரு காந்தச் சுருள் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் போனால் பிடி விட்டுவிடும். திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. ஆனால் பழைய லேத்துகள் பலவற்றில் கையால் திருப்பும் ஃபார்வர்ட்–ரிவர்ஸ் சுவிட்ச் மட்டும்தான் இருக்கும். அது திருப்பிய இடத்திலேயே நிற்கும். கரண்ட் போனதும் 'சரி, இதுதான் சமயம்' என்று ஆபரேட்டர் சக்கில் கையை வைக்கிறார், கரண்ட் திரும்புகிறது, சக் சுற்றத் தொடங்குகிறது. இந்தச் சோதனையில் தோற்கும் இயந்திரத்துக்குக் கவனம் மருந்தல்ல. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு முறையான ஸ்டார்ட்டரைப் பொருத்த வேண்டும்.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். ஓடாத நேரம் பார்ப்பதும் ஓடும்போது பார்ப்பதும் வேறு வேறு கேள்விகள் என்பது இங்கேதான் நன்றாக விளங்கும். பம்ப் ஷாஃப்ட் கடையும் ஒரு லேத்தை எடுத்துக்கொள்வோம். ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் இரண்டு கண்ணாடிகள். கீழே உள்ளது தொட்டியில் எண்ணெய் எவ்வளவு என்று காட்டும். மேலே உள்ளது, உள்ளே இருக்கும் சிறு பம்ப் எண்ணெயை ஏற்றிக் கியர்கள் மேலும் பேரிங் மேலும் ஊற்றுகிறதா என்று காட்டும். காலையில் ஆபரேட்டர் கீழ்க் கண்ணாடியைப் பார்க்கிறார். எண்ணெய் கோட்டுக்குச் சரியாக நிற்கிறது. நிறமும் தேன்போல் தெளிவு. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கூலன்ட் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அப்போது மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியும் இருக்கலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. வழக்கமான தாளாக இருந்தால் டிக் விழுந்துவிடும்.

அவர் குறைந்த வேகத்தில் ஓட்டிவிட்டு மேல் கண்ணாடியைப் பார்க்கிறார். எண்ணெய் விழவில்லை. அரை நிமிடம் பார்த்தும் ஒரு சொட்டு இல்லை. உடனே நிறுத்துகிறார். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் மேலே வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உறிஞ்சும் வழியிலுள்ள சல்லடையில் பொடி அடைத்திருக்கும், குழாய் இணைப்பு தளர்ந்து காற்று இழுக்கும், அல்லது பம்ப்பே ஓடாது. ஃபிட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது சல்லடையில் இரும்புப் பொடியும் நூலும் கெட்டியாக ஒட்டியிருந்தால், நூல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும். எண்ணெய் மாற்றும்போது காட்டன் வேஸ்ட்டால் தொட்டியைத் துடைத்தவரின் கைங்கரியமாகத்தான் இருக்கும். கழுவி மாட்ட ஒரு மணி நேரம். பார்க்காமல் ஓட்டியிருந்தால் அன்றைக்கே சத்தம் வந்திருக்காது. முதலில் ஹெட்ஸ்டாக் வழக்கத்துக்கு மேல் சுடும், பிறகு கடைந்த ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் வரிவரியாகத் தடம் விழும். ஸ்பின்டில் பேரிங்கை மாற்றும் நாள் வரும்போது, எந்தக் காலையில் எண்ணெய் நின்றது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கூலன்ட்டைப் பற்றி ஒரு வரி போதும்: திங்கள்கிழமை காலை அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், இரண்டு நாள் அசையாமல் கிடந்த தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மூடி, காற்று போகாமல், உள்ளே பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று அர்த்தம். மேலே மிதக்கும் படலத்தை வடித்தும் நாற்றம் போகாவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு தாளில் 'சரியில்லை' என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் அந்தத் தாளே சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் கூலி வாங்கும் ஆபரேட்டருக்கு இயந்திரம் நின்ற ஒரு மணி நேரம் சொந்த நஷ்டம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி உண்டா, இல்லையா என்பது முடிவாகாத பட்டறையில் எல்லாக் கட்டத்திலும் டிக்தான் விழும். முடிவான பட்டறையில் வழி சுலபம்: ஆபரேட்டர் மெயினை அணைத்து, 'ஓட்டாதே' அட்டையை மாட்டி, பழுதையும் நேரத்தையும் எழுதிச் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குகிறார். பழுது பார்த்தவர் வேலையை முடித்ததும் மேல் கண்ணாடியில் எண்ணெய் விழுவதை ஆபரேட்டருக்கு ஓட்டிக் காட்டுகிறார். அதன் பிறகு மாட்டியவரே அட்டையைக் கழற்றுகிறார். ஷிஃப்ட் முடிவதற்குள் சரியாகவில்லை என்றால் அட்டை அங்கேயே இருக்கும், அடுத்து வருபவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் முதலாமவர் வீட்டுக்குப் போவார்.