செல்ஃப் 'டக்' என்றதும் பேட்டரியை மாற்றாதீர்கள்

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுழல்வதில்லை. பானெட்டுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. "பேட்டரி போச்சு சார்" என்பார் பக்கத்தில் நிற்பவர். புது பேட்டரியும் வந்துவிடும். பாதி நேரம் அது சரியான முடிவுதான். மீதி நேரம், நல்ல பேட்டரியைக் கொடுத்துவிட்டு, குறை வண்டியிலேயே இருக்க ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்போம். இந்தச் சத்தத்துக்கு மூன்று காரணங்கள் உண்டு: பலவீனமான பேட்டரி, பூத்துப்போன டெர்மினல், பழுதான சாலினாய்டு. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப இன்னொருவரும் இருந்தால் எது என்று வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். செல்ஃப் மோட்டாரின் முதுகில் உருளை வடிவில் ஒட்டியிருப்பதுதான் சாலினாய்டு. சாவியைத் திருப்பியதும் ஒரு சிறிய வயர் வழியாக அதற்குக் கரண்ட் வருகிறது. உள்ளே உள்ள காயில் காந்தமாகி, ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு ஒரே நகர்வில் இரண்டு வேலை செய்கிறது. மோட்டாரின் பினியன் பல்லை இன்ஜினின் ரிங் கியரில் கொண்டுபோய் மாட்டுகிறது. அதோடு ஒரு செம்புத் தட்டை இரண்டு தடித்த போல்ட்டுகளின் மேல் அழுத்தி, பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிறது. நமக்குக் கேட்கும் 'டக்' இந்தத் தண்டு போய் இடிக்கும் சத்தம். காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும்; மோட்டாருக்கோ சிறிய பெட்ரோல் காரிலேயே 100 முதல் 200 ஆம்பியர் வேண்டும். ஆகவே 'டக்' கேட்டால், சிறிய வேலைக்கான கரண்ட் வந்துவிட்டது, பெரிய வேலைக்கானது வரவில்லை என்று பொருள்.

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, அப்புறம் எப்படி பேட்டரி வயரில் குறை இருக்கும்?" என்று பலர் கேட்பதும் இதனால்தான். டெர்மினலில் படிந்த பூப்பு 0.02 ஓம் மட்டுமே தடை தருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுத்தால், அங்கே வீணாவது 0.2 வோல்ட். வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் போக முயன்றால் 3 வோல்ட் காணாமல் போகும். லைட்டைத் தாங்கும் இணைப்பு செல்ஃபைத் தாங்காது. சும்மா இருக்கும்போது எடுத்த அளவு எதையும் நிரூபிக்காது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது எடுப்பதுதான் அளவு.

மீட்டரை எடுக்கும் முன் காதும் கண்ணும் பாதி வேலையை முடித்துவிடும். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். கேபின் லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் தானாக அணைந்துவிடும் என்பதால் கேபின் லைட்தான் நம்பகமானது. 'டகடகடக' என்று விடாமல் அடித்து, வெளிச்சமும் செத்துச் செத்துப் பிழைத்தால், குறை பேட்டரியில் அல்லது டெர்மினலில். தண்டு உள்ளே போன நொடி மோட்டார் கரண்டை இழுக்க, வோல்ட் சரிந்து, காயில் பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி பிடிக்கிறது. அதுதான் அந்த அடுக்குச் சத்தம். மாறாக, அழுத்தமாக ஒரே ஒரு 'டக்' கேட்டு, வெளிச்சம் அசையாமல் நின்றால், பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் கிளம்பவே இல்லை. சந்தேகம் சாலினாய்டு பக்கம் போகிறது.

அடுத்து பேட்டரியா டெர்மினலா என்பதை மீட்டர் சொல்லும். அதை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். முனைகளை கிளாம்பில் வைக்காமல், கிளாம்புக்கு நடுவே தெரியும் ஈயக் குமிழ்கள் மேலேயே வைக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழ் என்றால் கிட்டத்தட்ட காலி. சாவியைத் திருப்பியதும் இந்த அளவு 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம்தான்.

ஓர் உதாரணம். ஒரு சிறிய பெட்ரோல் கார். 'டகடக' சத்தம், வெளிச்சம் மங்குகிறது. ஈயக் குமிழ்களில் ஓய்வில் 12.5 வோல்ட். சாவியைத் திருப்பியும் அது 12-க்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி தப்பித்தது. இப்போது மீட்டரின் ஒரு முனையை மைனஸ் குமிழிலும், இன்னொன்றை அதைச் சுற்றியுள்ள கிளாம்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டிய அளவு 4, 5 வோல்ட் என்று துள்ளுகிறது. ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிந்த இரண்டு உலோகங்களுக்கு நடுவே இத்தனை வோல்ட் தொலைகிறது. கிளாம்பைக் கழற்றினால் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். வெளியே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூப்பு தெரியாதபோதும் உள்ளே இப்படி இருக்கலாம். சுத்தம் செய்து இறுக்கியபின் அதே இடத்தில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. வண்டி முதல் சுற்றிலேயே கிளம்பும்.

கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும். வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவை ஊற்றினால் பூப்பு நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் மட்டும் அது போகக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவுங்கள். இதே சோதனையை மைனஸ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே செய்யுங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் பழுது.

இரண்டும் சரி என்றால் மிச்சம் சாலினாய்டு. அதில் இரண்டு தடித்த போல்ட்டுகள் இருக்கும்: ஒன்று பேட்டரியிலிருந்து வரும் கேபிளுக்கு, மற்றது மோட்டாருக்குள் போவதற்கு. மீட்டரை அவற்றின் குறுக்கே வைத்தால் ஓய்வில் 12 வோல்ட் காட்டும். 'டக்' கேட்ட பின்னும் அதே 12 நின்றால், தண்டு நகர்ந்தும் செம்புத் தட்டு தொடவில்லை. அது கருகியோ தேய்ந்தோ போயிருக்கிறது. அளவு சுழியத்துக்கு அருகே விழுந்தும் மோட்டார் சுழலவில்லை என்றால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் சில சமயம் கிளம்பும். அது ஒர்க்‌ஷாப் போய்ச் சேர உதவும் வழி மட்டுமே. ஸ்குரூ டிரைவரால் அந்தப் போல்ட்டுகளை ஷார்ட் செய்வது கையையும் வண்டியையும் சுடும், வேண்டாம்.

பேட்டரிதான் குற்றவாளி என்று தெரிந்தாலும், லைட் எரியவிட்டதால் இறங்கியதா, ஆயுள் முடிந்ததா என்று பார்க்க ஓர் இரவு சார்ஜ் போட்டு மறுபடி அளந்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை; புது பேட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும். கடையில் பேட்டரியை மாற்றச் சொன்னால், "செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட்?" என்று கேளுங்கள். அந்த எண்ணைக் காட்டிய பிறகு பணத்தை எடுங்கள்.