மூலை டைலை எத்தனை முறை எண்ணுவது?

டைல்ஸ் ஒட்டிய வகுப்பறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்தத் தரையில் மொத்தம் எத்தனை டைல்? சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் எத்தனை டைல் நீளம்? முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே விடைக்கு வந்துவிடுவார்கள். இரண்டாவது கேள்வியில் சண்டை வரும். அந்தச் சண்டை வருவதற்காகவே இந்த விளையாட்டை வைக்கலாம்.

அறையில் நீளவாக்கில் 10 டைல், அகலவாக்கில் 8 டைல் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 'ரெண்டுக்கு ரெண்டு' என்று கேட்டு வாங்குகிற, பக்கத்துக்கு 60 செ.மீ. உள்ள டைல். மொத்தம் 80. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரு வரிசைக்குப் பத்து, அப்படி எட்டு வரிசை. இப்போது சுவரோரமாக ஒவ்வொரு டைலிலும் ஒரு கால் வைத்து எண்ணிக்கொண்டே ஒரு சுற்று வரச் சொன்னால் 32 என்று வந்து நிற்பார்கள். 10, 8, 10, 8 என்று நான்கு பக்கத்தையும் கூட்டியவர்கள் 36 என்பார்கள். திரும்ப நடந்தாலும் 32தான். யாரும் தவறாக எண்ணவில்லை என்பதுதான் இதில் அழகு.

இந்த இடத்தில் ஆசிரியர் 'சூத்திரப்படி 36தான் சரி' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். நடக்கும் முறையை மாற்றினால் போதும். சுவரில் முதுகு ஒட்டும்படி நின்று, பக்கவாட்டில் அடி வைத்து நகரட்டும். முதுகு தொடுகிற சுவரில் ஒரு டைல் நீளத்தைக் கடக்கும்போது ஓர் எண். மூலைக்கு வந்ததும் என்ன ஆகிறது? அந்த டைலில் நின்று ஒரு சுவரில் முதுகை ஒட்டி எண்ணியாகிவிட்டது. அதே டைலில் நின்றபடியே திரும்பி, அடுத்த சுவரில் முதுகை வைத்து இன்னொரு முறை எண்ண வேண்டியிருக்கிறது. ஒரே டைல், இரண்டு சுவர். நான்கு மூலைக்கும் இப்படி ஒவ்வொன்று கூடும்போது 32 என்பது 36 ஆகிறது. கால் வைத்து எண்ணியவர்கள் எண்ணியது ஓரத்து டைல்களை. முதுகு வைத்து எண்ணியவர்கள் எண்ணியது டைலின் ஓரங்களை. பரப்பளவு என்றால் டைல், சுற்றளவு என்றால் டைலின் விளிம்பு என்ற வேறுபாடு உடம்பு வழியாகவே புரிந்துவிடுகிறது.

நம் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்ட வருகிற மேஸ்திரி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே இல்லை. தரைக்குச் சதுர அடியில் கூலி பேசுவார். சுவரின் அடியில் ஓடுகிற ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடியில் பேசுவார். நமது வகுப்பறையை அவர் கணக்கில் போட்டால், டைல் பக்கத்துக்கு 2 அடி என்பதால் அறை 20க்கு 16. தரை 320 சதுர அடி. சுற்று 72 அடி. வாசலுக்கு 4 அடி போனால் ஸ்கர்ட்டிங் 68 ரன்னிங் அடி. பிள்ளைகளிடம் இதே கணக்கைக் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். '36 டைல் நீளம், ஒன்றுக்கு 2 அடி, ஆக 72' என்று சரியாகச் சொன்ன அதே வாய், '80 டைல், ஒன்றுக்கு 2 அடி, ஆக 160' என்றும் சொல்லும். பதில் பேசாமல் ஒரு டைலின் மேல் சாக்பீஸால் நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டுக் காட்டலாம். உள்ளே நான்கு கட்டம் தெரியும். அந்த நான்குதான் 320ஐக் கொண்டுவருகிறது.

டைல் இல்லாத சிமென்ட் தரை என்றால் பாண்டி ஆட்டத்துக்குப் போடுவது போலக் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு கோடாக இழுத்தால் நாலாவது வரிசையில் கட்டம் கோணிக்கொள்ளும். கொத்தனார்கள் செய்வதுபோல, சாக்பீஸ் பொடி தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் நேர்க்கோடு விழும்.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு கயிறு வேண்டும். 24 டைல் நீளத்துக்கு, அதாவது 14 மீட்டர் 40 செ.மீ. அளந்து, ஒவ்வொரு டைல் நீளத்துக்கும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு குறி வைத்து, முனைகளைக் கட்டி வளையமாக்கிக்கொள்ளுங்கள். நான்கு பிள்ளைகள் நான்கு மூலையாக நின்று, கயிறு டைல் கோட்டின் மேல் படும்படி ஒரு செவ்வகம் அமைக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே இருக்கும் டைலை எண்ண வேண்டும். பத்துக்கு இரண்டாக இழுத்தால் உள்ளே 20 டைல். எட்டுக்கு நான்கு என்றால் 32. ஆறுக்கு ஆறு என்றால் 36. கயிறு அதேதான், ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. கயிறு தொய்ந்தால் கணக்குக் கெடும் என்பதால் மூலையில் நிற்பவர்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

இதில் பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய கிரேக்க அறிஞர் புரோக்ளஸ், நிலம் பங்கு பிரிக்கும்போது சுற்றளவு அதிகமான துண்டைக் கூட்டாளிக்குத் தள்ளிவிட்டு, பரப்பு அதிகமானதைத் தாங்கள் வைத்துக்கொண்டவர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். ஏமாற்றியதோடு, பெரிய பங்கை விட்டுக்கொடுத்த நல்லவர்கள் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்ததாம்.

எனக்குப் பிடித்த ஆட்டம் இதைவிட எளியது. ஐந்துக்கு நான்கு என்று 20 டைலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுற்றளவு 18. இப்போது மூலையில் உள்ள ஒரு டைலை வெளியே தள்ளிக் கோட்டை மாற்றிப் போடப்போகிறோம். கோடு போடும் முன்னால் சுற்றளவு என்ன ஆகும் என்று ஒவ்வொருவரும் சிலேட்டில் எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் 17 அல்லது 16 என்று எழுதுவார்கள். ஒன்றைக் கழித்தால் எல்லாமே குறைய வேண்டும் அல்லவா? நடந்து பார்த்தால் அதே 18. மூலை டைலின் இரண்டு வெளிப்பக்கம் போய், உள்ளே இரண்டு பக்கம் வந்துவிட்டது. சரி, மூலைக்குப் பதில் ஓரத்தின் நடுவில் ஒரு டைலை எடுத்தால்? பரப்பளவு 19ஆகக் குறைகிறது, சுற்றளவோ 20ஆக ஏறுகிறது. ஒரு பக்கம் போய் மூன்று பக்கம் வந்ததால் இரண்டு கூடிவிட்டது.

இத்தனையும் ஆடிய பிறகும் சில பிள்ளைகள் மூலைக் கணக்கை வேறு மாதிரி பிடித்துவைத்திருப்பார்கள்: 'ஓரத்து டைலை எண்ணு, நாலைக் கூட்டு.' பத்துக்கு எட்டில் விடை சரியாகவே வரும் என்பதால் இது நமக்குத் தெரியாமலே போய்விடும். கண்டுபிடிக்க ஒரே வழி, ஒற்றை வரிசையில் ஆறு டைலைச் சுற்றிக் கோடு போட்டுக் கேட்பது. மனப்பாடக்காரர் ஆறும் நாலும் பத்து என்பார். விளிம்பை எண்ணுகிறவர் இரண்டு முனை டைலுக்கும் மும்மூன்று, நடுவில் உள்ள நான்குக்கும் இரண்டிரண்டு என்று நடந்து எண்ணி, 14 என்பார்.