புல்லைத் தின்று இறைச்சி தரும் கூஸ் வாத்து

கோழி வளர்ப்பவரின் பணத்தைத் தின்பது தீவன மூட்டை. கூஸ் வாத்து என்னும் பெரிய வாத்து மட்டும் மாட்டைப் போலப் புல் மேயும். ஆனால் ‘புல் போதும்’ என்று முதல் நாளே குஞ்சுகளை வெளியில் விட்டவர்கள் நஷ்டமே அடைவார்கள்.

பெங்களூர் புறநகரில் ஒருவர் அரை ஏக்கர் தென்னந்தோப்பில் பத்துக் குஞ்சுகள் விடுவதாக வைத்துக் கொள்வோம். முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்கு விளக்குச் சூடும், குஞ்சுத் தீவனமும் வேண்டும். குஞ்சு ஒன்றுக்குச் சுமார் இரண்டு கிலோ பிடிக்கும். செலவு மிச்சம் என்று கடலைப் பிண்ணாக்கைப் போட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கின் நஞ்சு கோழியைவிட வாத்துக் குஞ்சை விரைவில் கொன்றுவிடும்.

முதல் வாரத்திலிருந்தே இளம்புல்லை நறுக்கிப் பழக்கினால், ஆறாம் வாரத்திற்குப் பிறகு மேய்ச்சலே பெரும்பங்கு உணவாகும். புல் நான்கு விரல் உயரத்திற்குள் இளசாக இருக்க வேண்டும். முற்றிய, காய்ந்த புல்லை வாத்து ஒதுக்கும். ஆகையால் தோப்பை நான்காகத் தடுத்து, வாரம் ஒரு பகுதியில் மேய விடுவது நல்லது. பூச்சி மருந்து அடித்த இடத்தில் விடவே கூடாது.

மேய்ச்சல் போதுமா என்பதை மாலையில் அறியலாம். அடையும் நேரத்தில் கழுத்தின் அடிப்பகுதி புடைத்திருந்தால் வயிறு நிறைந்தது. தொட்டால் காலியாக இருந்தால் கைப்பிடி தானியம் போட வேண்டும். கோடையில் புல் கருகினால் தீவனச் செலவு திரும்பி வந்துவிடும். எனவே மழைக்காலத் தொடக்கத்தில் குஞ்சு வாங்குவதே உத்தமம்.

நீந்தக் குளம் அவசியமில்லை. தலை முழுதும் மூழ்கும் ஆழத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கண்ணும் மூக்கும் சுத்தமாக இருக்கும். இரவில் நாய், நரி நுழையாத கொட்டகை போதும். வாத்து தரையில்தான் படுக்கும். ஆகவே உமியோ வைக்கோலோ பரப்பி, ஈரமானதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

குணம் சற்று முரடு. அன்னியர் வந்தால் கூச்சலிடும். முட்டையிடும் பருவத்தில் ஆண் வாத்து கழுத்தைத் தாழ்த்தி நீட்டிச் சீறிக்கொண்டு வரும். திரும்பி ஓடினால் துரத்திக் கொத்தும். அசையாமல் நின்று மெல்லப் பின்வாங்க வேண்டும். சிறு குழந்தைகளைத் தனியே விடக்கூடாது. அடுத்த வீடு ஒட்டியிருந்தால் சத்தத்தால் சண்டை வரும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

விற்பதற்கு முன் கடைசி மூன்று வாரம் நாளொன்றுக்கு 150 கிராம் சோளம் கொடுத்தால் சதை பிடிக்கும். பத்துப் பறவைகளுக்கு ஏறத்தாழ 32 கிலோ ஆகும். தொடக்கத் தீவனத்தையும், இடையில் போடும் கைப்பிடி தானியத்தையும் இத்துடன் சேர்த்துக் கணக்கிட்டு, வாங்குபவரையும் முன்பே பேசி வைத்த பிறகே குஞ்சு வாங்குவது நலம்.