பிரயாணம் ரத்து: பணம் எவ்வளவு திரும்பும்?

மதுரைக் கல்யாணத்துக்கு நாலு பேருக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கிளம்புகிற சமயத்தில் அத்தைக்குக் காய்ச்சல். டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும்? "கால் பங்கு பிடிப்பான்" என்பார் ஒருவர். "பாதி போச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரையும் விட்டுவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள்.

ரயில்வேக்காரர்கள் 2015 நவம்பரில் கொண்டு வந்த விதியை எடுத்துக் கொள்வோம். இடம் உறுதியான டிக்கெட்டுக்கு அதில் நாலு படிகள். வண்டி புறப்பட 48 மணிக்கு மேல் இருந்தால், ஆளுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை மட்டும் பிடிப்பார்கள். சாதாரண ஸ்லீப்பருக்கு அது 120 ரூபாய். 48 மணியிலிருந்து 12 மணி வரை கட்டணத்தில் கால் பங்கு. 12 மணியிலிருந்து 4 மணி வரை பாதி. அதற்குப் பிறகு ஒன்றுமே திரும்பாது.

இதிலே பலரும் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. கால் பங்கோ, பாதியோ, அது 120 ரூபாய்க்குக் குறைந்தால் 120 தான் பிடிப்பார்கள். அதாவது இரண்டில் எது பெரிதோ அது!

நம் வண்டி இரவு 9-30க்குப் புறப்படுவதாகவும், கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். கால் பங்கு 100 ரூபாய், 120க்குக் குறைவு. ஆகவே முந்தாநாள் ரத்து செய்தாலும், நேற்று ரத்து செய்தாலும் ஆளுக்கு 120 தான். அத்தையின் காய்ச்சல் இறங்குகிறதா என்று பொறுத்துப் பார்க்கலாம், அவசரமில்லை. கட்டணம் 480 ரூபாயைத் தாண்டினால்தான் 48 மணி என்ற எல்லைக்கு அர்த்தமே உண்டு.

ஆனால் புறப்படும் நாள் காலை 9-30 மணி இருக்கிறதே, அங்கே உஷாராக இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ரத்து செய்தால் நாலு பேருக்கும் சேர்த்து 480 போக, 1,120 ரூபாய் கைக்கு வரும். பத்து மணிக்குச் செய்தால் 800 தான். ஒரு மணி நேரத்தில் 320 ரூபாய் நஷ்டம்! மாலை 5-30 தாண்டிவிட்டால் 1,600ம் போயிற்று.

அத்தைக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை என்றால் அவர் இடத்தை மட்டும் ரத்து செய்யலாம், கணக்கு ஆளுக்குத்தானே! இணையத்தில் வாங்கியிருந்தால், அதற்கென்று வசூலித்த சேவைக் கட்டணம் திரும்பாது. இடம் உறுதியான தத்கல் டிக்கெட்டா? இந்தக் கணக்கே அதற்கு இல்லை. ரத்து செய்தால் பணம் வராது.

மணி எல்லைகளை ரயில்வே அவ்வப்போது மாற்றுவதுண்டு. ஆகவே அன்றைய விதியைப் பார்த்துக் கொண்டு, டிக்கெட் வாங்கிய அன்றே அதன் ஓரத்தில் அந்த நேரங்களைக் குறித்து வையுங்கள்.