ஒரே அறை, இரண்டு பிள்ளைகள்: சண்டையைத் தீர்ப்பது எப்படி?

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தள வீட்டில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் என்றாலே 2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். அக்டோபர் பிறந்ததுமே தரையில் இருக்கும் சாமான்களைப் பரணுக்கும் கட்டில் மேலும் ஏற்றிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படி ஏற்றப்படும் சாமான்களில் பாதி பிள்ளைகளின் அறைக்குத்தான் போகும். இருக்கிற இடம் சுருங்கும். மழை விடுமுறையில் வெளியே விளையாடவும் முடியாது. "அவன் என் பென்சிலை எடுத்துட்டான்", "அவ என் இடத்துல படுத்துட்டா" என்று நாள் முழுக்கக் குரல் கேட்பது இந்த மாதங்களில்தான் அதிகம்.

உடன்பிறந்தோர் சண்டை போடுவது இயல்பு. அது எப்படி முடிகிறது என்பதில்தான் பெற்றோரின் பங்கு இருக்கிறது.

சண்டைக்கு அடியில் இருக்கும் கேள்வி

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஹில்டி ராஸ், சிறு பிள்ளைகள் வீட்டில் பொருள்களுக்காகப் போடும் சண்டைகளை நேரில் கவனித்து ஆராய்ந்தவர். 1996-இல் வெளியான அவருடைய ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. பிள்ளைகள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும்போது, பொருளைக் கையில் வைத்திருப்பவரைவிட அதன் சொந்தக்காரரின் பக்கமே முடிவு சாய்ந்தது. அந்த வயதிலேயே அவர்களுக்கு உரிமை பற்றிய கணக்கு இருக்கிறது. பெற்றோரோ உரிமையைச் சீராக ஆதரிக்கவில்லை.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று நமக்கே தெரியும். "சின்னவன்தானே, விட்டுக்கொடு" என்று மூத்த பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். அந்த நிமிடம் அழுகை நிற்கும். ஆனால் என் பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று மூத்தது முடிவுகட்டும். அழுதால் கிடைக்கும் என்று இளையது கற்றுக்கொள்ளும். அடுத்த சண்டைக்கு இரண்டு பேரும் தயாராகிவிடுவார்கள்.

முதலில் பொருள்களைப் பிரியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் சாப்பிட்டுவிட்டு நிதானமாக இருக்கும்போது அறைப் பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள். அக்காவுடையது, தம்பியுடையது, பொதுவானது. பிறந்தநாளுக்கு வந்த பரிசும், பள்ளிக்குக் கொண்டுபோகும் பொருளும் அவரவருக்குச் சொந்தம். கேரம் போர்டு, பந்து, கதைப் புத்தகங்கள் பொது.

சொந்தப் பொருளுக்கு ஒரே விதி: கேட்டுத்தான் எடுக்க வேண்டும், கேட்டால் "இல்லை" என்று சொல்லவும் உரிமை உண்டு. பொதுப் பொருளுக்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்துக்குப் பத்து அடி அறையில் ஆளுக்கொரு மூலை ஒதுக்க முடியாமல் போகலாம். ஆளுக்கொரு ஷெல்ஃப் தட்டு ஒதுக்க முடியும். இளையவருக்கு எட்டாத மேல்தட்டை மூத்தவருக்குக் கொடுங்கள். உடையக்கூடியவை அங்கே இருக்கட்டும். மழைக்காகச் சாமான் ஏற்றும்போதும் இந்த இரண்டு தட்டுகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரியவர்களே அந்த எல்லையைத் தாண்டினால் பிள்ளைகளும் மதிக்க மாட்டார்கள்.

நடுவராக இருங்கள், நீதிபதியாக வேண்டாம்

ஜூலி ஸ்மித்தும் ஹில்டி ராஸும் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்குச் சண்டையில் நடுவராக இருக்கப் பயிற்சி தந்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் சச்சரவுகளைப் பேசித் தீர்ப்பதிலும் மற்றவர் பார்வையைப் புரிந்துகொள்வதிலும் முன்னேறியிருந்தார்கள். அந்த முறையில் நான்கு படிகள். ஒன்பது வயது அக்காவும் ஆறு வயதுத் தம்பியும் இருக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். அக்காவின் கலர் பென்சில் பெட்டியைத் தம்பி எடுத்து வரைந்ததில் இரண்டு பென்சில்களின் முனை உடைந்துவிட்டது. அவள் அவன் வரைந்த தாளைக் கிழித்துவிட்டாள்.

முதல் படி, விதிகள். அம்மா இருவரையும் தரையில் உட்காரவைக்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது, அடிக்கவோ திட்டவோ கூடாது. இருவரும் "சரி" என்று சொன்ன பிறகே பேச்சு தொடங்குகிறது.

இரண்டாம் படி, எது பிரச்சினை என்று பிரிப்பது. இங்கே சிக்கல் இரண்டு: கேட்காமல் எடுத்தது, வரைந்ததைக் கிழித்தது. இரண்டையும் அம்மா ஒரே குரலில் சொல்கிறார். யார் முதலில் ஆரம்பித்தது என்ற விசாரணைக்குள் போவதில்லை.

மூன்றாம் படி, ஒருவர் மனசு மற்றவருக்குத் தெரிவது. "பென்சில் உடைஞ்சப்போ அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று தம்பியிடம் கேட்கிறார். "நாளைக்கு ஸ்கூல்ல டிராயிங் கிளாஸ், அதான் கோபம் வந்துச்சு" என்று அக்கா சொல்லும்போதுதான் அவனுக்கு அது தெரிகிறது. "எனக்கு நீலம் இல்லவே இல்ல, வானத்துக்கு வேணும்னு எடுத்தேன்" என்று அவன் சொல்வதும் அவளுக்குப் புதிது.

நான்காம் படி, தீர்வு. வழி சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள். பழைய பென்சில்களைத் தனி டப்பாவில் போட்டுப் பொதுவாக வைக்கலாம் என்கிறாள் அக்கா. உடைந்ததைச் சீவித் தருகிறேன் என்கிறான் தம்பி. கிழிந்த தாளை இருவரும் சேர்ந்து ஒட்டுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, "டப்பா யோசனை சரியா வருதா?" என்று அம்மா கேட்கிறார். வராவிட்டால் மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கே தவறுகிறது?

சண்டை உச்சத்தில் இருக்கும்போது இதைத் தொடங்கினால் பலிக்காது. அடித்துக்கொண்டால் முதலில் பிரித்துவிடுங்கள். அழுகை அடங்கி மூச்சு சீரான பிறகு பேசுங்கள். பள்ளி விட்டுப் பசியோடு வந்த நேரமும் ஆகாது. முதலில் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். 6 முதல் 12 வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. ஒரே அறையில் மூத்தவர் படிக்கும் விளக்கு இளையவரின் தூக்கத்தைக் கெடுத்தால், மறுநாள் சிடுசிடுப்பு சண்டையாக வெளிவரும். இரவில் படிப்பைக் கூடத்துக்கு மாற்றினாலே இது குறையும்.

நான்கு வயதுக்கும் கீழான பிள்ளைக்கு நான்கு படிகளும் எட்டாது. அந்த வயதில் பொருளை எட்டாத இடத்தில் வைப்பதும், வேறு விளையாட்டுக்குக் கவனத்தைத் திருப்புவதுமே போதும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எப்போதும் ஒரே பிள்ளைதான் அடிவாங்குகிறது, காயம் படுகிறது, அந்த அறைக்குள் போகவே பயப்படுகிறது என்றால், அது வெறும் சச்சரவு இல்லை. பொருளால் தாக்குவது, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய் மீண்டும் திரும்புவது, தூக்கமோ சாப்பாடோ மாறுவது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இப்படிப்பட்ட நிலையில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேரம் பேசவைக்கக் கூடாது. பயப்படும் பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, தனியே பேசுங்கள்.

குழந்தைநல மருத்துவரிடமோ, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டலாம். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வாரத்துக்குச் சண்டை எப்போது, எதற்காக, யாருக்கு என்ன ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். காயமோ கடுமையான பயமோ இருந்தால் அந்த ஒரு வாரத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.